பழைய கோச் விலிஸ் பை: இந்த இரண்டில் எது ஒரிஜினல்? படங்கள் போட்டிருக்கிறேன்

நிவேதா_கோவை

எல்லோருக்கும் வணக்கம். கோச் பிராண்டின் விலிஸ் மாடல் பை ஒன்று வாங்க வேண்டும் என்று ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். இப்போது கடையில் கிடைக்கும் புது விலிஸ் வேண்டாம். 90களில் வந்த அந்தத் தடித்த தோல் பைதான் வேண்டும், மேலே குட்டையாக ஒரு கைப்பிடி, முன்னால் விழும் மூடி, நடுவில் திருகிப் பூட்டும் பித்தளைப் பூட்டு. இரண்டு பேர் பழையது விற்கிறார்கள். இரண்டையும் நேரில் பார்க்க வழியில்லை, படத்தை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பை 1: பழுப்பு நிறம், 11,000 ரூபாய். விற்பவர் பெங்களூர். அமெரிக்காவில் இருந்தபோது வாங்கியதாம், "80களின் பை" என்று எழுதியிருக்கிறார். படம் 1 முதல் 4 வரை. உள்ளே தோலில் ஒரு பத்தி ஆங்கிலத்தில் அழுத்தியிருக்கிறது, அதன் கீழே No H6D-9927 என்று எண்.

பை 2: கறுப்பு, 4,500 ரூபாய். விற்பவர் சென்னை. "நூறு சதவீதம் ஒரிஜினல், பில் தொலைந்துவிட்டது" என்கிறார். படம் 5, 6, 7. இதிலும் அதே மாதிரி பத்தியும் எண்ணும் இருக்கின்றன, இதுவும் 9927 என்றுதான் முடிகிறது.

எனக்குப் பார்க்க இரண்டும் நன்றாகத்தான் தெரிகின்றன. பை 1-இல் கைப்பிடி தைத்திருக்கும் இடத்தில் நூல் வேறு நிறமாக இருக்கிறது, அதுதான் உறுத்துகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராம்ஸ்_சேலம்

சிம்பிள். உள்ளே இருக்கிற சீரியல் நம்பரை வைத்துக் கம்பெனியில் கேட்டால் அந்தப் பை யாருக்கு எப்போது விற்றது என்று வந்துவிடும், ஒவ்வொரு பைக்கும் ஒரு நம்பர்தான். நம்பர் இல்லாத பை டூப்ளிகேட். "மேட் இன் சைனா" என்று இருந்தாலும் டூப்ளிகேட். பூட்டில் காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஒட்டினால் போலி. இதில் இரண்டும் 9927 என்கிறீர்கள், ஒரே நம்பர் இரண்டு பையில் எப்படி வரும்? ஒன்று கண்டிப்பாக ஃபர்ஸ்ட் காப்பி. நூல் நிறம் மாறியிருக்கிறது என்றால் பை 1-தான் அது.

மீனா_நியூஜெர்சி

நிவேதா, நான் பழைய கோச் பைகளை வாங்கிச் சுத்தம் செய்து, தோலுக்கு உயிர் கொடுத்து வைத்துக்கொள்கிறவள், சிலவற்றை விற்பதும் உண்டு. உங்கள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ராம்ஸ் சொன்னதில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அந்த நம்பர் விஷயத்தைத்தான் நிறைய பேர் தவறாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

1994-இல் இருந்து வந்த கோச் பைகளில் அது ஒவ்வொரு பைக்கும் தனித்தனியாகக் கொடுத்த எண் இல்லை. H6D-9927 என்பதைப் பிரித்துப் படியுங்கள். முதல் எழுத்து மாதம். A ஜனவரி, B பிப்ரவரி, அப்படியே போய் H ஆகஸ்ட். அடுத்த I எழுத்தைப் பயன்படுத்துவதில்லை, ஒன்று என்ற இலக்கத்தோடு குழம்பும். அதனால் J செப்டம்பர், M டிசம்பர். இரண்டாவது வருவது ஆண்டின் கடைசி இலக்கம், இங்கே 6, அதாவது 1996. மூன்றாவது எழுத்து தைத்த ஆலை. கோட்டுக்குப் பிறகு வருவது மாடல் எண், 9927 என்றால் விலிஸ். அதே மாதம் அதே ஆலையில் தைத்த எல்லா விலிஸ் பையிலும் இதே எண்தான் இருக்கும். இரண்டு பையும் 9927 என்று முடிவது இயல்பு. அப்படி முடியாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆக பை 1-ஐ "80களின் பை" என்று அவர் சொல்வது சரியில்லை, அது 1996 ஆகஸ்ட். 70, 80களின் பைகளில் எண் வேறு மாதிரி, வெறும் இலக்கங்களாக, நடுவில் ஒரு கோடு போட்டு இருக்கும், அதை மாதம், மாடல் என்று பிரிக்க முடியாது. 60களின் பைகளில் எண்ணே கிடையாது. அதனால் "நம்பர் இல்லையென்றால் போலி" என்பதும் நிற்காது. விற்பவர் பத்து வருடம் கூட்டிச் சொல்கிறார் என்பதால் பை போலி ஆகிவிடாது, பழையது என்றால் விலை ஏறும் என்று சொல்கிறவர்கள் நிறைய, உண்மையிலேயே தெரியாதவர்கள் அதைவிட நிறைய.

எண்ணை எல்லோரும் படிக்கிறார்கள், அதை அழுத்தியிருக்கும் விதத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. படம் 3-ஐப் பெரிதாக்குங்கள். அந்த ஆங்கிலப் பத்தியை நாங்கள் கிரீட் என்போம். பத்தி முழுவதும் ஒரே அச்சு, பைக்குப் பை அது மாறுவதில்லை, காலத்துக்கும் நாட்டுக்கும் தகுந்த மாதிரி வாசகம் கொஞ்சம் வேறுபடலாம். எண் மட்டும் மாதத்துக்கு மாதம், மாடலுக்கு மாடல் மாறும், அதனால் அதைத் தனியாகக் கட்டை மாற்றி அழுத்துவார்கள். பை 1-இல் அது தெரிகிறது, பத்தி ஆழம் குறைவு, எண் கொஞ்சம் ஆழமாக, வலது பக்கம் லேசாக மேலே ஏறியிருக்கிறது. 9 என்ற இலக்கம் மட்டும் பக்கத்தில் இருக்கும் 2-ஐ விட அழுந்தியிருக்கிறது. இந்த மாதிரி கோணல் எனக்குப் பிடித்த அடையாளம். பை 2-இல் (படம் 6) பத்தியும் எண்ணும் ஒரே ஆழம், ஒரே வரிசை, இம்மியும் பிசகவில்லை. எல்லாவற்றையும் ஒரே அச்சாக வெட்டி வைத்துக்கொண்டு வரும் பைக்கெல்லாம் குத்தினால்தான் இப்படி வரும்.

ஆனால் படம் 6 மேலே இருந்து ஃப்ளாஷ் போட்டு எடுத்தது, அதில் ஆழம் சரியாகத் தெரியாது. ஜன்னல் பக்கம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்ஆப்பில் போட்டோவாக அனுப்பினால் நுணுக்கம் எல்லாம் போய்விடும், டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டு பேரிடமும் பையின் உள்பக்கம் முழுவதும் தெரியும்படி ஒரு படம் கேளுங்கள்.

லதா_அம்பத்தூர்

மீனா மேடம், இதைப் படித்துவிட்டு என் பையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என் நாத்தனார் டெக்சாஸில் இருந்து வரும்போது கொண்டு வந்து கொடுத்தது, C எழுத்து போட்ட துணிப் பை. எண்ணில் கோட்டுக்குப் பிறகு F என்று தொடங்குகிறது, "மேட் இன் சைனா" என்று போட்டிருக்கிறது. ராம்ஸ் சொல்வதைப் பார்த்தால் போலி என்று ஆகிறதே! அவள் அப்படிக் கொடுக்கிறவள் இல்லை. ஓரத் தையலில் C எழுத்து பாதியாக வெட்டுப்பட்டிருக்கிறது, அதுவும் தப்பா?

மீனா_நியூஜெர்சி

லதாக்கா, பதறாதீர்கள். கோச் இப்போது பெரும்பாலும் வியட்நாம், கம்போடியா, பிலிப்பைன்ஸ் மாதிரி நாடுகளில் தைக்கிறது, சீனாவில் தைத்தது ஏராளம். 2000களின் தொடக்கத்தோடு அமெரிக்காவில் தைப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது. அதனால் நாட்டை ஆண்டோடு சேர்த்துப் பாருங்கள். எண் 2007 என்று காட்டி, பத்தி "அமெரிக்காவில் கையால் செய்தது" என்று சொன்னால் அங்கேதான் இடிக்கும். கோட்டுக்குப் பிறகு மாடல் எண்ணுக்கு முன்னால் வரும் F அவுட்லெட் கடைகளுக்காகவே செய்த பை என்பதற்கான குறி. நாத்தனார் டெக்சாஸில் அவுட்லெட் மாலில் வாங்கியிருப்பார், விலை குறைவு, பொருள் அசல்.

C எழுத்துத் துணியில் முன்பக்கத்தின் நடுவைப் பாருங்கள். நடுக்கோட்டில் இருந்து இடது பக்கம் போனாலும் வலது பக்கம் போனாலும் ஒரே அளவில் வெட்டுப்பட வேண்டும், இடது ஓரத்தில் பாதி C என்றால் வலது ஓரத்திலும் பாதி. முன்னால் பாக்கெட் இருந்தால் பாக்கெட்டின் மேல் இருக்கும் வடிவம் பின்னால் இருக்கும் துணியோடு தொடர்ந்து வர வேண்டும். பக்கவாட்டுத் தையலில் வெட்டுப்படுவது சகஜம். சின்னச் சின்ன பவுச்சுகளில் இந்த ஒழுங்கைக் கறாராக எதிர்பார்க்காதீர்கள். படம் போட்டால் பார்க்கிறேன், வேறு இழையில் போடுங்கள், இது நிவேதாவின் விலிஸ்.

சலீம்_ஆம்பூர்

நான் ஆம்பூரில் தோல் பை தைக்கும் யூனிட்டில் சூப்பர்வைசர். கோச் பைக்கு நான் வேலை செய்ததில்லை, ஆனால் தையலைப் படிக்கத் தெரியும். நிவேதா கேட்ட அந்தக் கைப்பிடி நூலைப் பார்த்தேன் (படம் 4).

தோலுக்கும் துணிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. துணியில் ஊசி நுழைந்தால் இழைகள் விலகும், பிரித்தால் திரும்பக் கூடும். தோலில் ஊசி வெட்டிக்கொண்டு போகும், ஒரு முறை விழுந்த துளை போகவே போகாது. படம் 4-இல் புதிய நூலுக்கு வெளிப்பக்கம், சுமார் ஒரு மில்லிமீட்டர் தள்ளி, வரிசையாகச் சின்னப் புள்ளிகள் இருக்கின்றன பாருங்கள். அவைதான் பழைய துளைகள். பழைய தையல் அறுந்து, யாரோ செருப்புத் தைக்கும் கடையில் கொடுத்துத் திரும்பத் தைத்திருக்கிறார்கள். புதிய நூல் தடிமனாக, ஒவ்வொரு தையலும் நீளமாக இருக்கிறது. இது ரிப்பேர், போலி என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் அந்த இடம் பலவீனம், இரண்டு வரிசைத் துளை பக்கத்தில் பக்கத்தில் விழுந்தால் கிழிசல் கோடு மாதிரி ஆகிவிடும். பாரம் தூக்கும் பை என்றால் விலையில் கழியுங்கள்.

ஆரம்பத்தில் தைத்தது எப்படி என்று தெரிய வேண்டுமானால் ரிப்பேர் படாத இடத்தைப் பாருங்கள். மூடியின் ஓரம் வளைந்து திரும்பும் இடத்தைப் பெரிதாக்குங்கள். நேர்க்கோட்டில் யார் வேண்டுமானாலும் தைப்பார்கள், மெஷினே இழுத்துக்கொண்டு போகும். வளைவில்தான் கை தெரியும். நல்ல ஆபரேட்டர் வளைவில் வேகத்தைக் குறைத்து, ஊசி கீழே இருக்கும்போது தோலைத் திருப்புவார், தையல் நீளம் மாறாது, ஓரத்தில் இருந்து தூரமும் மாறாது. பை 1-இன் மூடியில் (படம் 1) இரண்டு மூலையிலும் அப்படித்தான் இருக்கிறது. பை 2-இல் இடது மூலையில் தையல் சட்டென்று குறுகி ஓரத்தை நோக்கி ஓடுகிறது, வலது மூலையில் அப்படி இல்லை. அடுத்தது முடிச்சுப் போடும் இடம். தையல் முடியும்போது இரண்டு மூன்று தையல் பின்னால் வருவோம், அது அதே துளைகளில் விழ வேண்டும். பை 2-இல் பழைய துளைக்குப் பக்கத்தில் புதிதாகத் துளை விழுந்து அந்த இடம் மெத்தென்று குவிந்திருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதை வைத்து மட்டும் போலி என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். பெரிய பிராண்ட் பையிலும் வெள்ளிக்கிழமை மாலை தைத்த பை ஒன்று செக்கிங்கில் தப்பி வரும். அதே மாதிரி நல்ல கைவேலை தெரிந்தவர் காப்பி பையைப் பிரமாதமாகத் தைப்பார், அவருக்குப் பிராண்ட் எதுவாக இருந்தால் என்ன. நூல் நுனியைத் தீயில் சுட்டு உருண்டையாக இருக்கிறது, அதனால் டூப்ளிகேட் என்று சிலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன், அதுவும் தவறு, நைலான் நூலை எங்கள் யூனிட்டிலும் சுட்டுத்தான் முடிக்கிறோம்.

ராம்ஸ்_சேலம்

மீனா சொன்ன எண் விஷயம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எனக்கு ஒரு கேள்வி. எண்ணை எப்படிப் படிப்பது என்று நீங்கள் இங்கே எழுதிவிட்டீர்கள், காப்பி அடிக்கிறவனும் படிப்பான். சரியான மாதம், சரியான மாடல் எண் போட்டுக் குத்தினால் முடிந்தது. அப்புறம் அதற்கு என்ன மதிப்பு? நான் காந்தம் என்று சொன்னதற்குக் காரணமே அதுதான், உலோகம் பொய் சொல்லாது.

மீனா_நியூஜெர்சி

நல்ல கேள்வி ராம்ஸ். எண் சரியாக இருப்பது எதையும் நிரூபிக்காது, எண் தவறாக இருந்தால் மட்டும்தான் அது பேசும். நானும் அதை முதல் வடிகட்டியாக மட்டும் வைத்திருக்கிறேன்.

காந்தம் இந்தப் பைக்கு உதவாது. பழைய கோச் பூட்டு முழுப் பித்தளை, காந்தத்தில் ஒட்டாது. காப்பிகளில் பெரும்பாலும் துத்தநாகக் கலவையை வார்த்து மேலே தங்க நிற முலாம் போடுகிறார்கள், அதுவும் ஒட்டாது. இரும்பாக இருந்தால்தான் ஒட்டும். அதைவிடத் தேய்ந்த இடத்தைப் பார்ப்பது மேல், அது படத்திலேயே தெரியும். திருகும் பூட்டில் விரல் படும் இரண்டு முனைகளும், மூடியின் ஓட்டை உரசும் இடமும் முதலில் தேயும். பித்தளை தேய்ந்தால் உள்ளேயும் அதே மஞ்சள்தான், மங்கிப் பழுப்பாகும், ஈரம் பட்டால் பச்சை பிடிக்கும், கீறினால் கீறல் மஞ்சளாகப் பளிச்சிடும். முலாம் தேய்ந்தால் அடியில் சாம்பல் நிறமோ வெள்ளி நிறமோ எட்டிப் பார்க்கும், ஓரங்களில் தோல் உரிந்த மாதிரி ஒரு விளிம்பு இருக்கும். வார்ப்பாக இருந்தால் பக்கவாட்டில் அச்சு சேர்ந்த கோடும், அங்கங்கே ஊசிமுனை அளவுக் குழிகளும் இருக்கும்.

கோச்சிலும் எல்லாம் பித்தளை இல்லை, நிக்கல் பூசிய வெள்ளி நிறப் பூட்டு போட்ட பழைய பைகளும் உண்டு. இன்றைய கோச் பைகளில் முலாம் பூசிய பூட்டு சகஜம். நான் சொல்வது 90களின் மஞ்சள் நிறப் பூட்டுக்கு மட்டும். இந்தத் திருகு பூட்டு, 1962-இல் கோச்சுக்கு வந்த வடிவமைப்பாளர் பானி கேஷின் கொண்டு வந்தது, அவருடைய காரின் மடக்குக் கூரையைப் பிடித்திருந்த பூட்டைப் பார்த்து எடுத்த யோசனை. அவ்வளவு எளிமையான பூட்டு என்பதால் அதன் வடிவத்தைக் காப்பி அடிப்பது சுலபம், அதனால்தான் வடிவத்தை விட்டுவிட்டு உலோகத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

தொங்கும் தோல் வில்லையையும் மணிச்சங்கிலியையும் நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. அவை தனியாக விற்கின்றன, எந்தப் பையிலும் மாட்டலாம்.

நிவேதா_கோவை

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரண்டு பேரிடமும் படம் கேட்டேன். பெங்களூர்க்காரர் உடனே அனுப்பினார், இன்றைய தேதி எழுதிய காகிதத்தைப் பையின் மேல் வைத்தே எடுத்திருக்கிறார் (படம் 8, 9, 10). சென்னைக்காரர் "இவ்வளவு கேள்வி கேட்டால் எப்படி, வேண்டுமானால் வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு படம் அனுப்பினார் (படம் 11). உள்ளே பழுப்பு நிறத் துணி லைனிங் இருக்கிறது, சுத்தமாக, கிழிசல் இல்லாமல். பை 1-இன் உள்ளே லைனிங்கே இல்லை, தோலின் பின்பக்கம் சொரசொரவென்று அப்படியே தெரிகிறது, கொஞ்சம் அழுக்கு, பேனா மைக் கறை. லைனிங் கிழிந்து எடுத்துவிட்டார்களோ?

இன்னொன்று. பை 2-இன் எண்ணைக் கூகுளில் போட்டுத் தேடினேன். அதே எண் அப்படியே, மாதம் ஆண்டு ஆலை மாடல் எல்லாம் அதேதான், வேறு ஒரு விளம்பரத்தில் இருக்கிறது. ஆனால் அது விலிஸ் இல்லை, ஜிப் வைத்த பெரிய தோள்பை.

மீனா_நியூஜெர்சி

நிவேதா, அந்தத் தேடலே போதும். ஒரே எண் இரண்டு விலிஸ் பையில் இருக்கலாம். ஒரே எண் ஒரு விலிஸிலும் ஒரு தோள்பையிலும் இருக்கவே முடியாது, 9927 என்பது அந்த வடிவத்தின் எண். ஒரே அச்சை எல்லாப் பையிலும் குத்துகிறார்கள் என்று சொன்னேனே, அதன் விளைவு இதுதான். ராம்ஸ் கேட்ட கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. மாடலுக்கு மாடல் எண்ணை மாற்றக் கட்டை வேண்டும், ஆள் வேண்டும், விலை குறைந்த காப்பி செய்கிறவர்கள் அதற்கு மெனக்கெடுவதில்லை.

லைனிங் எடுத்துவிட்டார்களோ என்று கேட்டீர்கள். இல்லை, அந்தக் காலத்துத் தடித்த தோல் பைகளுக்கு லைனிங்கே கிடையாது. முழுத் தோல், அதன் பின்பக்கம்தான் உள்பக்கம். 90களின் எண்ணும் துணி லைனிங்கும் ஒரே விலிஸில் இருந்தால் இரண்டில் ஒன்று பொய். பின்னாளில் மறுபடி வெளியிட்ட விலிஸ் பைகளைப் பார்த்துவிட்டுப் பழையதோடு ஒப்பிடாதீர்கள், அவற்றின் உள்பக்கமும் அடையாளச் சீட்டும் வேறு. இப்போதைய பைகளில் எண்ணைப் பத்தியின் கீழே தேடாதீர்கள், உள் பாக்கெட்டின் தையலில் விரல் நக அளவு வெள்ளைத் துணிச்சீட்டு ஒன்று செருகியிருக்கும்.

படம் 11-இல் பூட்டின் கீழ் ஓரத்தையும் பாருங்கள், மஞ்சள் உரிந்து சாம்பல் நிறம் தெரிகிறது. பை 2 வேண்டாம்.

சலீம்_ஆம்பூர்

படம் 9 அருமை. பக்கவாட்டு வெளிச்சத்தில் எண்ணின் குழி நன்றாகத் தெரிகிறது, மீனா சொன்ன மாதிரி எண் தனியாக விழுந்ததுதான். உள்பக்கத் தோலில் அந்த அழுத்தம் இயல்பாக மங்கியிருக்கிறது.

ஆனால் படம் 10-இல் ஒன்று உறுத்துகிறது. பூட்டின் அடித்தகடு புதிது மாதிரி மின்னுகிறது. வாரின் கொக்கியும் வளையமும் மங்கிப் பழுப்பாக இருக்கின்றன. ஒரே பையில் ஒரே வயதுப் பித்தளை இப்படி இரண்டு நிறமாக எப்படி இருக்கும்? தகட்டைச் சுற்றித் தோலில் லேசாக ஒரு நிழல் கோடு இருக்கிறது, முன்பு இருந்த தகடு கொஞ்சம் பெரிதாக இருந்ததோ என்று தோன்றுகிறது.

மீனா_நியூஜெர்சி

பாலிஷ் போட்டிருப்பார்கள் சலீம் பாய். விற்பதற்கு முன்னால் முகப்பில் இருக்கும் பூட்டை மட்டும் பித்தளை பாலிஷ் போட்டுத் துடைப்பது வழக்கம், கொக்கியை யாரும் துடைப்பதில்லை. அந்த நிழல் பாலிஷ் தோலில் ஊறிய கறையாக இருக்கலாம். தோல் இவ்வளவு வெளிறியிருப்பதைப் பார்த்தால் யாரோ தண்ணீரில் ஊறவைத்துச் சுத்தம் செய்து, சரியாக எண்ணெய் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள் என்றும் நினைக்கிறேன். பழைய கோச் தோல் ஊறவைப்பதைத் தாங்கும், ஆனால் காயும்போது கண்டிஷனர் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சலீம்_ஆம்பூர்

பாலிஷ் கறை என்றால் துணி ஓடிய திசையில் இழுத்த மாதிரி பரவும், ஒரு பக்கம் அதிகமாக இருக்கும். இது தகட்டைச் சுற்றி நான்கு பக்கமும் ஒரே அகலம். பூட்டு மாறியிருக்கிறது என்றுதான் நான் சொல்வேன். இந்த மாதிரி பூட்டைப் பொதுவாகப் பின்னால் கால் மடக்கியோ ஆணி அடித்தோ பொருத்துவார்கள். மாற்றியிருந்தால் பின்பக்கத்தில் பழைய துளை அல்லது மடக்கிய தடம் தெரியும். லைனிங் இல்லாத பை என்பதால் அதைப் படம் எடுப்பது சுலபம், பூட்டு இருக்கும் இடத்தின் உள்பக்கத்தை நேராக ஒன்று, சாய்வாக ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைக்கச் சொன்னால் அந்த நிழலையும் தகட்டையும் அளந்துவிடலாம்.

பூட்டு மாறியிருந்தாலும் பை அசல்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 11,000 கொடுக்கிற பை இல்லை என்கிறேன்.

லதா_அம்பத்தூர்

என் பையின் நடுக்கோட்டைப் பார்த்தேன், இரண்டு ஓரத்திலும் பாதி C சரியாக வருகிறது. நாத்தனாரிடம் கேட்டேன், அவுட்லெட்தான் என்றாள். நிவேதா, கைப்பிடியும் ரிப்பேர், பூட்டும் சந்தேகம் என்றால் இன்னொன்று வரும்வரை காத்திருக்கலாமே?

ராம்ஸ்_சேலம்

நான் நிவேதா இடத்தில் இருந்தால் வாங்குவேன். போலி என்று நான் முதலில் சொன்ன பைதான் அசல் என்று ஆகியிருக்கிறது, அந்த ரிப்பேர்தான் விலையைக் குறைக்கப் போகிறது. 8,000 கேளுங்கள். பணம் கொடுப்பதற்கு முன்னால் வீடியோ காலில் பூட்டைத் திருகிக் காட்டச் சொல்லுங்கள், படத்தில் இருக்கிற பையும் அவர் கையில் இருக்கிற பையும் ஒன்றுதானா என்று அந்த 9 இலக்கத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிவேதா_கோவை

பூட்டின் உள்பக்கப் படம் கேட்டுவிட்டேன், ஸ்கேல் வைத்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன். 1996 பை என்பதையும் அவரிடம் சொன்னேன், அவருக்கே தெரியவில்லை, அவருடைய அக்கா பயன்படுத்தியதாம், பூட்டை யாராவது மாற்றினார்களா என்று அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். விலை 8,500 என்று கேட்டிருக்கிறேன், யோசிக்கிறாராம். சலீம் அண்ணா, பூட்டு மாற்றியது என்று தெரிந்தால், கைப்பிடியைப் பழைய துளையிலேயே திரும்பத் தைத்துத் தர ஆம்பூரில் யாராவது இருக்கிறார்களா?

சலீம்_ஆம்பூர்

பழைய துளையில் கையால் தைக்கலாம், இரண்டு ஊசி போட்டு. மெஷினில் வைத்தால் மூன்றாவது வரிசை விழும், அது கூடாது. இப்போது இருக்கும் தடித்த நூலை எடுத்த பிறகு நடுவில் இருக்கும் தோல் தாங்குமா என்று கையில் பார்த்தால்தான் சொல்ல முடியும், தாங்காவிட்டால் உள்ளே மெல்லிய தோல் பட்டை ஒன்று ஒட்டி அதோடு சேர்த்துத் தைக்க வேண்டியிருக்கும். பை வந்ததும் அந்த இடத்தைப் பின்பக்கமும் சேர்த்துப் படம் போடுங்கள்.